திரையில் 15 வீதம், கையில் எவ்வளவு?

கேள்வி: "மட்டக்களப்பில இருந்து எழுதுறன் சேர். அப்பாட பணிக்கொடைக் காசில 3 இலட்சம் இருக்கு. கொழும்புப் பங்குச் சந்தையில ஒரு கம்பனிப் பங்கு 24 ரூபா போகுது. போன வருசம் பங்கொன்றுக்கு 3.60 பங்கிலாபம் குடுத்திருக்கு, ஆப்பில விளைவு 15 வீதம் எண்டு காட்டுது. பங்கொன்றுக்கான உழைப்பு 5 ரூபா, அப்ப கொடுப்பனவு விகிதம் 72 வீதம்தான். வங்கியில 8 தான் தாறாங்க. ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, வாங்கலாமா?"

தம்பி, அந்த 15 வீதம் அப்பாவின் கைக்கு வராது. நீங்கள் அனுப்பிய வருடாந்த அறிக்கையையும் அதற்குப் பிறகு வந்த இரண்டு காலாண்டுக் கணக்குகளையும் பார்த்தால், இன்றைய விலையில் எதிர்பார்க்கக்கூடியது 5 வீதம் அளவுதான். வரி போனால் 4 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆப் பொய் சொல்லவில்லை. நடந்து முடிந்த ஒரு வருடத்தை அது சரியாகத்தான் வகுத்திருக்கிறது. அந்த வருடம் திரும்பி வருமா என்று சொல்வது அதன் வேலை இல்லை. கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். கணக்கு விளங்குவதற்காக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

இரண்டு விகிதத்துக்கும் மேலே நிற்பது ஒரே எண்: பங்கொன்றுக்கான பங்கிலாபம். கீழே நிற்பதுதான் வேறு. விளைவைக் காண அதைப் பங்கின் சந்தை விலையால் வகுக்கிறோம், 3.60 ÷ 24 = 15 வீதம். கொடுப்பனவு விகிதத்தைக் காண அதே தொகையைப் பங்கொன்றுக்கான உழைப்பால் வகுக்கிறோம், 3.60 ÷ 5.00 = 72 வீதம். முதலாவதில் விலை இருப்பதால் அது ஒவ்வொரு நாளும் மாறும். கம்பனி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் மாறும். இரண்டாவதைத் தீர்மானிப்பது பணிப்பாளர் சபை: உழைத்ததில் எவ்வளவைப் பங்காளிகளுக்குக் கொடுப்பது, எவ்வளவைக் கம்பனிக்குள் வைப்பது என்ற முடிவு அது. ஆகவே விளைவு நீங்கள் கொடுக்கும் விலைக்கு என்ன வருகிறது என்று சொல்கிறது, கொடுப்பனவு அதைத் தொடர்ந்து கொடுக்கக் கம்பனிக்குத் தெம்பு இருக்கிறதா என்பதற்கு ஒரு தடயம் தருகிறது. ஒன்றை விட்டு மற்றதைப் பார்த்தால் பாதிக் கணக்குத்தான்.

நம் பக்கத்து வயலை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வாய்க்கால் கடைசியில் இருக்கும் ஒரு வயல். போன வருடம் தண்ணீர் நன்றாக வந்தது, நல்ல குத்தகை கிடைத்தது. இந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு, கடைசி வயல்வரை வராது என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, வயலின் விலை விழுந்துவிட்டது. இப்போது ஒருவர் போன வருடக் குத்தகையை இந்த வருட விலையால் வகுத்து "பாருங்க, எவ்வளவு வருமானம்" என்கிறார். மேலே இருக்கும் எண் தண்ணீர் வந்த வருடத்தினுடையது, கீழே இருக்கும் எண் தண்ணீர் வராத வருடத்தினுடையது. உங்கள் பங்கின் 15 வீதத்தையும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு முன் அதன் விலை 40 ரூபா. அப்போது அதே 3.60 ஐ வகுத்திருந்தால் 9 வீதம்தான். 9 ஐ 15 ஆக்கியது கம்பனி அல்ல, விற்றுவிட்டு ஓடியவர்கள்.

விலை விழுந்ததால் விளைவு உயர்ந்த பங்கைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, விற்றவர்களுக்கு என்ன தெரிந்தது என்பது. சில நேரம் ஒன்றுமே இல்லை, சந்தை முழுவதும் பயத்தில் விழுந்திருக்கும், அப்போது அது நல்ல வாய்ப்பு. இந்தப் பங்கில் அப்படி இல்லை.

மேலே இருக்கும் எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 3.60 ஒரே கையால் வந்ததல்ல. இடைக்காலப் பங்கிலாபம் 80 சதம், இறுதிப் பங்கிலாபம் 1.20, விசேட பங்கிலாபம் 1.60. பங்குச் சந்தையின் cse.lk தளத்தில் அந்தக் கம்பனியின் பக்கத்துக்குப் போய் அறிவித்தல்களைத் திறந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே இருக்கும். ஒவ்வொன்றும் எந்த வகை, எந்த நிதியாண்டுக்கு, எப்போது கொடுபடும் என்று அதில் எழுதியிருப்பார்கள். விசேட பங்கிலாபம் என்று எழுதியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். இந்தக் கம்பனி ஒரு காணியை விற்றது. அந்த இலாபம் பங்கொன்றுக்கு 2.20. அதிலிருந்துதான் 1.60 ஐப் பகிர்ந்தார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை, தேவையில்லாத காணியை விற்றுப் பங்காளிக்குக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு காணியை ஒரு தடவைதான் விற்கலாம்.

அந்த 1.60 ஐ எடுத்துவிட்டால் வழமையான பங்கிலாபம் 2 ரூபா. 24 ரூபா விலையில் விளைவு 8.3 வீதம். 15 வீதத்தின் கிட்டத்தட்டப் பாதி இங்கேயே கரைந்துவிட்டது.

இப்போது உங்களை நம்ப வைத்த 72 வீதத்துக்கு வருவோம். பொதுவாகச் சொல்லும் அறிவுரை, விளைவு கூடவாக இருந்தால் கொடுப்பனவைப் பார், 100 ஐத் தாண்டினால் ஆபத்து, குறைவாக இருந்தால் பரவாயில்லை என்பது. நீங்கள் அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள். பிடிபடாததற்குக் காரணம், காணி விற்ற காசு மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. பங்கிலாபத்தில் 1.60, உழைப்பில் 2.20. இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கியதால் விகிதம் மட்டும் ஒழுங்காகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் கழித்துப் பார்த்தால் வழமையான உழைப்பு 2.80, வழமையான பங்கிலாபம் 2.00, கொடுப்பனவு 71 வீதம். வேடிக்கையைப் பாருங்கள், விகிதம் கிட்டத்தட்ட அதேதான். கம்பனியின் அளவுதான் பாதியாகச் சுருங்கிவிட்டது. விகிதத்துக்கு அளவு தெரியாது.

உழைப்பை இப்படி வீங்க வைப்பது காணி விற்பனை மட்டுமல்ல. பெருந்தோட்டக் கம்பனிகளின் இலாபத்துக்குள், நிற்கும் மரங்களின் பெறுமதி கூடியதும் வருமானமாக வந்து சேரும். கட்டடம், காணியை முதலீட்டுச் சொத்தாக வைத்திருக்கும் கம்பனிகளில் மதிப்பீட்டாளர் விலையைக் கூட்டி எழுதியதும் இலாபமாகும். இவற்றில் ஒரு சதம்கூடக் காசாக வந்திருக்காது. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து எகிறியபோது ஏற்றுமதிக் கம்பனிகள் பலவற்றின் உழைப்பு ஒரே வருடத்தில் குதித்தது, பங்கிலாபமும் குதித்தது. அந்த வருடத்தின் எண்களை வைத்து அடுத்த வருடம் விளைவைப் பார்த்தவர்கள் இதே பள்ளத்தில்தான் விழுந்திருப்பார்கள்.

இனி நடப்பு நிலை. இந்தக் கம்பனியின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பட்டியலிட்ட கம்பனிகள் முதல் மூன்று காலாண்டுகளுக்கும் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் இடைக்காலக் கணக்கை வெளியிட வேண்டும். ஆகவே வருடாந்த அறிக்கைக்குப் பிறகு நடந்ததைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. ஜூன் காலாண்டில் உழைப்பு 45 சதம், செப்டெம்பர் காலாண்டில் 40 சதம், சேர்த்து 85 சதம். இதை இரண்டால் பெருக்கி வருடத்துக்கு 1.70 என்பது அவசரக் கணக்கு, ஏனென்றால் சில தொழில்களுக்கு வருடத்தின் ஒரு பாதிதான் உழைக்கும் பாதி. அதனால் போன வருடத்தின் இதே அரைவருடத்தோடு ஒப்பிட வேண்டும். அது 1.35. அதாவது 1.35 உழைத்த இடத்தில் இப்போது 85 சதம். போன முழு வருடத்தின் 2.80 ஐயும் அதே அளவில் குறைத்தால் 1.76 வருகிறது. இரண்டு வழியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, அதனால் 1.70 என்றே வைத்துக்கொள்வோம். சபை தன் பழைய வழக்கப்படி 70 வீதம் கொடுத்தால் பங்கிலாபம் 1.20 அளவு. 24 ரூபாவுக்கு 5 வீதம். நான் தொடக்கத்தில் சொன்ன எண் இதுதான்.

இதைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. விலையை உழைப்பால் வகுத்தால் வருவதை விலை உழைப்பு விகிதம் என்கிறோம். கொடுப்பனவு விகிதத்தை அதனால் வகுத்தால் விளைவு வந்துவிடும்:

விளைவு = கொடுப்பனவு விகிதம் ÷ விலை உழைப்பு விகிதம்

ஆப் காட்டும் எண்களில் விலை உழைப்பு விகிதம் 24 ÷ 5 = 4.8. கொடுப்பனவு 72. ஆகவே 72 ÷ 4.8 = 15. சரியாகப் பொருந்துகிறது. நடப்பு எண்களில் 24 ÷ 1.70 = 14.1, கொடுப்பனவு 70, ஆகவே 70 ÷ 14.1 ஏறக்குறைய 5. இந்தச் சூத்திரத்தின் பயன் கணக்குப் போடுவதில் இல்லை. உயர்ந்த விளைவுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு என்று அது காட்டுகிறது: சபை தாராளமாகக் கொடுக்கிறது, அல்லது உழைப்போடு ஒப்பிட்டால் விலை மலிவு. 4.8 என்ற மலிவுதான் உங்கள் 15 வீதத்தைத் தூக்கியது. உண்மையில் சந்தை அந்தப் பங்குக்கு 14 மடங்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. திரையில் மலிவாகத் தெரியும் பங்கு உண்மையில் மலிவே இல்லை.

கொடுப்பனவைப் பற்றி இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். உழைப்பு என்பது கணக்காளரின் எண். பங்கிலாபம் காசு. ஆகவே பங்கிலாபத்தைக் காசோடும் ஒப்பிட வேண்டும், அதற்கு, காசு உண்மையில் வந்ததையும் போனதையும் காட்டும் பணப்பாய்ச்சல் கூற்றுக்குப் போக வேண்டும். வருடாந்த அறிக்கையில் அது ஒரே பக்கம்தான், பயப்பட வேண்டாம். இந்தக் கம்பனிக்கு 100 மில்லியன் பங்குகள். வழமையான இலாபம் 280 மில்லியன் ரூபா, வழமையான பங்கிலாபம் 200 மில்லியன். தொழிற்பாட்டு நடவடிக்கைகளிலிருந்து வந்த தேறிய காசு 210 மில்லியன். இலாபத்தைவிட 70 மில்லியன் குறைவு, கடனுக்கு விற்றதும் கையிருப்புக் கூடியதும் சேர்ந்து காசை இழுத்துக்கொண்டன. அதிலிருந்து பொறியும் வாகனமும் வாங்க 130 மில்லியன் போயிருக்கிறது. மிச்சம் 80 மில்லியன். 200 கொடுக்க வேண்டிய இடத்தில் கையில் இருந்தது 80.

120 மில்லியன் எங்கிருந்து வந்தது? அதே கூற்றின் கீழ்ப்பகுதியில், நிதியிடல் நடவடிக்கைகளில், குறுங்காலக் கடன் 120 மில்லியனால் கூடியிருக்கிறது. அதாவது பங்கிலாபத்தில் பாதிக்கு மேல் வங்கியில் கடன் எடுத்துக் கொடுத்தது. இலாபத்தோடு ஒப்பிட்டால் 71 வீதம், மிஞ்சிய காசோடு ஒப்பிட்டால் 250 வீதம். ஒரு வருடம் இப்படி நடந்தால் நான் அதைப் பெரிதாக எடுக்கமாட்டேன், பெரிய பொறி வாங்கிய வருடமாக இருக்கலாம். மூன்று வருடத்தைக் கூட்டிப் பார்த்தும் காசு போதவில்லை என்றால் பங்கிலாபம் குறையப் போகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கம்பனியில் கடனுக்கான வட்டிச் செலவும் இரண்டு காலாண்டாகக் கூடுகிறது. உழைப்பு விழுந்ததில் ஒரு பங்கு அதனால்தான்.

"உழைத்ததைவிடக் கூடக் கொடுக்கச் சட்டம் விடுமா?" என்று சிலர் கேட்பார்கள். விடும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பங்கிலாபம் கொடுக்குமுன் கம்பனி கடன்தீர்வுச் சோதனையில் தேற வேண்டும். வழமையான தொழிலில் கடன்கள் தவணைக்கு வரும்போது கட்ட முடியுமா, சொத்து பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும்விடக் கூடவா என்பதே அந்தச் சோதனை. முந்திய வருடங்களில் சேர்த்து வைத்த இலாபம் இருந்தால், நட்டப்பட்ட வருடத்திலும் பங்கிலாபம் கொடுக்கலாம். அந்த நேரம் கொடுப்பனவு விகிதம் மறை எண்ணாக வரும் அல்லது ஆப்பில் வெறுமையாக இருக்கும். அதை "குறைவு, நல்லது" என்று வாசித்துவிடாதீர்கள்.

அடுத்து, எல்லாக் கம்பனிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. சிலோன் டொபாக்கோ கம்பனி நீண்டகாலமாக உழைத்ததில் மிகப் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும் கம்பனி. புதிதாகப் பெரிய முதலீடு தேவைப்படாத தொழில், பெரும்பான்மைப் பங்கை வைத்திருக்கும் வெளிநாட்டுத் தாய்க் கம்பனிக்கும் காசு வேண்டும். அங்கே 90 ஐத் தாண்டிய கொடுப்பனவைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதையே ஒரு கட்டுமானக் கம்பனியில் கண்டால் பயப்படலாம். வங்கி வேறு கதை. கடன் கொடுக்கக் கொடுக்க மூலதனமும் வளர வேண்டும் என்பதால் வங்கிகள் உழைத்ததில் கணிசமான பகுதியை உள்ளே வைத்தே ஆக வேண்டும். பங்கிலாபத்தின் ஒரு பகுதியைக் காசாக அல்லாமல் புதிய பங்குகளாகக் கொடுப்பதும் அதனால்தான். அது காசு விளைவு அல்ல, ஆப்பில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள். அதோடு வங்கிப் பங்கிலாபத்தில் மூன்றாவது கை ஒன்றும் உண்டு: 2020இல் கொரோனா வந்தபோது மத்திய வங்கியே வங்கிகளின் காசுப் பங்கிலாபத்துக்குத் தற்காலிகக் கட்டுப்பாடு போட்டது. உழைப்பு இருந்தது, கொடுக்க அனுமதி இல்லை.

உயர்ந்த விளைவு எச்சரிக்கையாக இல்லாத இடமும் ஒன்று உண்டு. கொமர்ஷல் வங்கி, ஹட்டன் நஷனல் வங்கி போன்றவற்றுக்கு வாக்குரிமை உள்ள பங்கு, வாக்குரிமை இல்லாத பங்கு என்று இரண்டு வகை. பங்கிலாபம் இரண்டுக்கும் ஒன்று, வாக்கு இல்லாததின் விலை குறைவு, ஆகவே விளைவு கூட. பங்கிலாபத்துக்காக மட்டும் வாங்குகிற சிறு முதலீட்டாளருக்குப் பொதுக்கூட்ட வாக்கால் பெரிய பயன் இல்லை. விற்கும்போது வாக்கற்ற பங்குக்கும் அந்தக் குறைந்த விலைதான் கிடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆப்பின் எண்ணே பிழையாக வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு பங்கை இரண்டாகப் பிரித்த பிறகு விலை பாதியாகிவிடும், பழைய பங்கிலாபத்தை ஆப் திருத்தாமல் வைத்திருந்தால் 6 வீத விளைவு 12 என்று காட்டும். இறுதிப் பங்கிலாபத்தைப் போன வருடம் பிந்தியும் இந்த வருடம் முந்தியும் கொடுத்திருந்தால் 12 மாதத்துக்குள் இரண்டு இறுதிப் பங்கிலாபம் விழுந்துவிடும். அதனால் "கடந்த 12 மாதம்" என்று கூட்டாமல், எந்த நிதியாண்டுக்கானது என்று அறிவித்தலில் பார்த்துக் கூட்டுவதுதான் சரி.

உங்கள் 3 இலட்சத்துக்கு வருவோம். பங்கு வாங்கும்போது தரகுக் கூலி, வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம் போகும். ஆகவே 24 ரூபா விலையில் கிடைப்பது ஏறக்குறைய 12,360 பங்கு. 3.60 படி அப்பாவுக்கு வருடம் 44,500 வரும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். 1.20 படி வருவது 14,830 ரூபா. அதில் 15 வீதத்தைக் கம்பனியே நிறுத்திவைத்தல் வரியாகக் கழித்துவிட்டுத்தான் அனுப்பும், 2023 ஜனவரியிலிருந்து அப்படித்தான். கைக்கு வருவது 12,600. வங்கியில் 8 வீதத்துக்குப் போட்டால் 24,000, அதில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் பிடிப்பதால் 21,600. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர் சுயபிரகடனம் கொடுத்தால் அந்தப் பிடிப்பும் இல்லை, முழு 24,000மும் வரும். வட்டி வேண்டாம் என்று இருப்பவர்கள் இந்த 8 இன் இடத்தில் தங்கள் இலாபப் பங்கீட்டு வைப்பின் வீதத்தை வைத்துப் பார்த்தால் போதும், கணக்கு அதேதான்.

விளைவை எப்போதும் அந்த நேரத்து வட்டியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். 2022 கடைசியில் ஒரு வருடத் திறைசேரி உண்டியலே 29 வீதத்தைத் தாண்டிக் கொடுத்தது. அப்போது 15 வீத விளைவு பெரிய விடயமே இல்லை. இப்போது அதே 15 கண்ணைப் பறிக்கிறது.

ஆனாலும் இந்த ஒப்பீட்டில் பங்குக்கு நான் அநியாயம் செய்யக்கூடாது. வைப்பின் முதல் அப்படியே நிற்கும், பங்கின் உழைப்பு வளரலாம். வளருமா என்று சொல்வது கொடுப்பனவின் மறுபக்கம், அதாவது கொடுக்காமல் வைத்துக்கொண்ட பகுதி. விளைவு வெறும் 2.5 வீதம், கொடுப்பனவு 25 வீதம் என்று ஒரு பங்கைக் கண்டால் கஞ்சக் கம்பனி என்று தள்ளிவிடாதீர்கள். ஐந்து வருடத்தில் அது பங்கொன்றுக்கு உள்ளே வைத்துக்கொண்டதைக் கூட்டுங்கள். 12 ரூபா என்று வைப்போம். அதே ஐந்து வருடத்தில் பங்கொன்றுக்கான உழைப்பு 3.20 இலிருந்து 5.60 ஆக உயர்ந்திருந்தால், 12 ரூபாவை வைத்துக்கொண்டு வருடத்துக்கு 2.40 கூடுதலாக உழைத்திருக்கிறது, 20 வீதம். உங்களிடம் தந்திருந்தால் நீங்கள் அதை அவ்வளவுக்குப் போட்டிருக்கமாட்டீர்கள், கம்பனியிடமே இருக்கட்டும். உழைப்பு 3.60 ஆக மட்டும் கூடியிருந்தால் 12 ரூபாவுக்கு 40 சதம், 3 வீதம்தான். அந்தக் காசு உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியது, குறைந்த கொடுப்பனவு அங்கே ஒரு குறைதான். விதைநெல்லுக்கு என்று எடுத்து வைத்த மூடைகள் விதைத்தார்களா, கொட்டிலில் எலி தின்றதா என்று பார்ப்பது போல இது. ஒரு கவனம்: 2022ஐ உள்ளடக்கிய ஐந்து வருடமாக இருந்தால் உழைப்பின் ஏற்றத்தில் ஒரு பெரும் பகுதி வெறும் விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். விற்பனை அளவு கூடியதா என்றும் அறிக்கையில் தேடுங்கள்.

இன்னொரு ஆசையும் உங்களுக்கு வரலாம்: பங்கிலாபம் அறிவித்ததும் வாங்கி, எடுத்ததும் விற்றுவிடுவது. திரையில் XD என்று வரும் நாளுக்கு முன் வாங்கியவருக்குத்தான் அந்தப் பங்கிலாபம். அந்த நாளில் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். 24 ரூபாப் பங்கு 1.20 கொடுத்தால் 22.80 இல் திறக்கும் என்று எதிர்பார்க்கலாம். விலையில் இழந்தது 1.20, வரி போக வந்தது 1.02, வாங்கி விற்ற செலவு 50 சதத்துக்கு மேல். பட்டியலிட்ட பங்கை விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, பங்கிலாபத்துக்கு 15 வீதம் உண்டு. வரி இல்லாத ஒன்றை வரி உள்ளதாக மாற்றிக்கொள்ளக் கூலியும் கொடுக்கிற வேலை அது.

ஆகவே இந்தப் பங்கை என்ன செய்வது? தலைகீழாகக் கணக்குப் போடுங்கள். அப்பாவுக்கு வங்கியில் வரி போக 7.2 வீதம் கிடைக்கிறது. நடப்பு உழைப்பில் வரி போக 1.02 தரும் பங்கு அந்த 7.2 ஐக் கொடுக்க வேண்டுமானால் விலை 14 ரூபா அளவில் இருக்க வேண்டும். இன்று 24. இடையில் இருக்கும் 10 ரூபா, உழைப்பு பழைய 2.80க்குத் திரும்பும் என்ற சந்தையின் நம்பிக்கைக்கான விலை. அந்த நம்பிக்கை முழுதாகப் பலித்தாலும், பங்கிலாபம் 2.00, வரி போக 1.70, 24க்கு 7.1 வீதம். வங்கியின் அதே எண்தான், விலை விழும் ஆபத்து மட்டும் மேலதிகம்.

டிசெம்பர் காலாண்டுக் கணக்கு பெப்ரவரி நடுப்பகுதிக்குள் வந்துவிடும். இலாபத்துக்கு முன்னால் பணப்பாய்ச்சல் கூற்றைத் திறந்து, போன வருடம் 120 மில்லியனால் கூடிய குறுங்காலக் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். போன வருடம் 80 சதம் கொடுத்த இடைக்காலப் பங்கிலாபத்தை இந்த முறை சபை எவ்வளவாக அறிவிக்கிறது என்பதையும் பாருங்கள். 50 சதத்துக்குக் கீழே வந்தால் 1.20 என்ற என் கணக்கே கொஞ்சம் தாராளம்.